அம்மாவுக்கு என் கைப்பட ஒரு வாழ்த்து: தொலைவில் வேலை செய்யும் பிள்ளைகளின் அனுபவப் பகிர்வு

இரவுப்பணி

அம்மாவை விட்டுத் தொலைவில் வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் எட்டு ஆண்டுகளும் அன்னையர் தினத்தன்று எனக்கு வந்த படங்களில் அழகான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அப்படியே அம்மாவுக்கு அனுப்பிவிடுவேன். ரோஜாப் பூவும், குழந்தையை ஏந்திய கையும், "கருவில் சுமந்த தெய்வமே" என்று தொடங்கும் நான்கு வரிகளும் அதில் இருக்கும். அம்மாவிடமிருந்து கூப்பிய கைகள் பதிலாக வரும். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு முதன்முறையாக நானே எழுத முயன்றேன். இரவுப் பணி முடிந்து அறைக்கு வந்து, ஒரு மணி நேரம் செலவிட்டு, ஒரு பக்கம் எழுதினேன். "என் அன்புத் தாய்க்கு, தங்கள் தியாகத்தை நான் என்றும் மறவேன். தங்களை விட்டுப் பிரிந்து வாழ நேர்ந்ததற்கு என்னை மன்னியுங்கள்" என்று போயிற்று அந்தக் கடிதம். ஒரு சொல்லைக்கூட எங்கிருந்தும் எடுக்கவில்லை. அம்மாவுக்குப் பார்வை மங்கியிருப்பதால் பக்கத்து வீட்டுப் பெண்தான் வாசித்துக் காட்டினாள். மறுநாள் அம்மா தொலைபேசியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "யாருக்குப்பா எழுதின அது?" என்பது. இரண்டாவது கேள்வி, "உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்பது. அரைமணி நேரம் நான் நலமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உண்மையில் நானே எழுதியது ஏன் அச்சடித்த அட்டையைப் போல ஒலித்தது, ஏன் அம்மாவைக் கலவரப்படுத்தியது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் பழையபடி படத்தையே அனுப்பினேன். இந்த ஆண்டு மறுபடி எழுத விரும்புகிறேன். இப்படி எழுதிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

வாசித்துக் காட்டியவர்

நான் அஞ்சல் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கடிதங்களைக் கொண்டு கொடுத்ததோடு, படிக்கத் தெரியாத, கண் தெரியாத தாய்மார்களுக்கு அவற்றைத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தும் காட்டியிருக்கிறேன். கடிதம் எழுதிய மகனுக்குக் கிடைக்காத ஒன்று வாசிக்கிறவருக்குக் கிடைக்கும்: கேட்கும்போது அந்தத் தாயின் முகம். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் முதலில் இடறியது "தங்கள்" என்ற சொல்லாக இருக்கும். நீங்கள் அம்மாவை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? "நீ, வா, போ" என்று பேசுகிற பிள்ளையாக இருந்தால், தாளில் "தங்கள்" என்று எழுதிய உடனேயே வேறு யாரோ பேசுவதாகத்தான் அம்மாவின் காதில் விழும். எத்தனையோ பிள்ளைகள் பேனாவைக் கையில் எடுத்தவுடன் மரியாதைப் பன்மைக்கு மாறிவிடுவார்கள். கேட்கிற அம்மா என் முகத்தைப் பார்ப்பார். தன் பிள்ளை எழுதியதுதானா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். வாசலில் நின்று எந்தச் சொல்லால் அழைப்பீர்களோ அதுவே முதல் சொல்லாக இருக்கட்டும். அதே போல, எப்போதும் "நீங்கள்" என்று பேசிப் பழகிய மகன் பாசத்துக்காகத் தாளில் "நீ" என்று எழுதினாலும் அது ஒட்டாது.

அடுத்தது மன்னிப்பு. தொலைவிலிருந்து வரும் கடிதத்தில் காரணம் சொல்லாத மன்னிப்பு இருந்தால், அதைத் தாய்மார்கள் பாசமாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஏதோ கெட்ட செய்தியை மறைக்கிறான் என்றே எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு நோய் வந்திருக்கும், வேலை போயிருக்கும், சிக்கலில் மாட்டியிருப்பான் என்று மனம் ஓடும். "அந்த இடத்தை இன்னொரு தடவை படிம்மா" என்று என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்ன பல தாய்மார்களின் நினைவு எனக்கு உண்டு. அவர்கள் கேட்ட இடம் ஒவ்வொரு முறையும் அந்த மன்னிப்பு வரிதான்.

பழைய கடிதங்கள் எல்லாம் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கியதைப் பலர் வெறும் சடங்கு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடிதத்தைப் பிரித்தவுடன் தாயின் மனம் தேடுவது ஒன்றைத்தான்: பிள்ளை நன்றாக இருக்கிறானா? அதற்கு முதல் வரியிலேயே விடை கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம் காதில் ஏறும். ஆகவே அந்த வரியை நீக்காதீர்கள்; உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். "நேற்று ஆறு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன்" என்று எழுதினால் "நலம்" என்பதைவிட அவர் எளிதில் நம்புவார்.

மார்ச் மகன்

நான் ஓர் அரபு நாட்டில் பணிபுரிகிறேன். இங்கே அன்னையர் தினம் மார்ச் 21. கடந்த ஆண்டு அன்றைக்கே அம்மாவுக்கு வாழ்த்து எழுதி அனுப்பினேன். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று அம்மா குழம்பிப் போனார். உண்மையான நாள் மார்ச் 21தான் என்றும், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை வாழ்த்து அட்டை விற்பவர்கள் உருவாக்கிய நாள் என்றும் அவருக்கு விளக்கினேன். அதனால் எந்த நாளில் எழுதினாலும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பதே என் கருத்து.

நூலகப் பணியாளர்

மார்ச் மகன் சொல்வதில் பாதி சரி. எகிப்தில் 1956ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று முதன்முதலாகக் கொண்டாடப்பட்டு, பிறகு பல அரபு நாடுகளுக்கும் பரவிய நாள் அது. ஆனால் மே மாதத்து நாளை அட்டை விற்பவர்கள் உருவாக்கவில்லை. அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்ற பெண்மணி, 1905இல் மறைந்த தம் தாயின் நினைவாக, 1908ஆம் ஆண்டு மே 10 அன்று கிராப்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் தொடங்கி வைத்தது அது. 1914இல் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் மே மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அதிகாரபூர்வமாக அறிவித்தார். அட்டை விற்பவர்கள் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள். அச்சடித்த வாழ்த்து அட்டைகளை அன்னா ஜார்விஸ் கடுமையாக எதிர்த்தார். தாம் தொடங்கிய நாள் வணிகமாகிப் போனதை எதிர்த்துப் போராடுவதிலேயே பிற்காலத்தைச் செலவிட்டு 1948இல் மறைந்தார்.

இங்கே கேட்கப்பட்ட கேள்விக்கு நெருக்கமான ஒரு செய்தியும் அவர் வரலாற்றில் இருக்கிறது. அந்த நாளின் ஆங்கிலப் பெயர் ஒருமையில்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார்கள் எல்லோருக்குமான நாளாக அவர் அதைக் கருதவில்லை; ஒவ்வொருவரும் தம்முடைய அம்மா என்ற அந்த ஒருவரை நினைக்கும் நாளாக இருக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். தமிழில் நாம் "அன்னையர் தினம்" என்று பன்மையில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் நம் வாழ்த்துகள் பொதுவாகப் போய்விடுவதற்கு அந்தப் பன்மையும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. "தாய்மை", "தியாகம்", "கருவறை" ஆகிய சொற்கள் அன்னையர் அனைவருக்கும் பொருந்தும். அதனாலேயே அவற்றில் உங்கள் அம்மா தென்படுவதில்லை.

மார்ச் மகன்

விளக்கத்துக்கு நன்றி. அட்டைக்காரர்களைப் பற்றி நான் தவறாக எண்ணியிருந்தேன். நாள் முக்கியமில்லை என்பதில் மட்டும் இன்னும் மாறவில்லை.

ஒரு தாய்

நான் எழுதுவது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். என் மகன் கடல் கடந்து வேலை பார்க்கிறான். ஆண்டுதோறும் அந்த ரோஜாப்பூப் படத்தைத்தான் அனுப்புகிறான். எனக்கு அது போதும். அதில் எழுதியிருப்பதை நான் படிப்பதில்லை. அது வந்த நேரத்தைப் பார்ப்பேன். காலை ஆறு மணிக்கு வந்தால், அவன் பணி முடிந்து அறைக்கு வந்துவிட்டான், கையில் தொலைபேசியை எடுக்கும் அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். ஒருமுறை அது பிற்பகல்தான் வந்தது. அதுவரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கடிதம் எழுதத் தெரியாத பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, நன்றாக எழுத வரவில்லையே என்று அந்தப் படத்தையும் அனுப்பாமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வாசித்துக் காட்டியவர்

அம்மா சொல்வதை நான் மறுக்க மாட்டேன். நலமறியும் வரி செய்கிற வேலையைத்தான் அந்தப் படமும் செய்கிறது. மார்ச் மகனுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது: அம்மா எந்த நாளில், எந்த நேரத்தில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, அதுதான் நாள்.

இரவுப்பணி

நீங்கள் அனைவரும் எழுதியதைப் படித்தபின் நேற்று மறுபடி உட்கார்ந்தேன். ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன். எழுதியதை இங்கே தருகிறேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

"அம்மா, நான் நன்றாக இருக்கிறேன். எனக்குப் பெரிய எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிச் சோதிக்கும் வேலை. உள்ளே ஒரே இருட்டாக இருக்கும். நான் உள்ளே இருக்கும்வரை வெளியே வாய்த்துளைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். என்ன ஆனாலும் அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. அவரைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவு வரும். பத்தாம் வகுப்பில் நான் இரவு தனிப்பயிற்சி முடிந்து வரும்போது நீ கைவிளக்குடன் தெருமுனையில் நின்றுகொண்டிருப்பாய். நினைவிருக்கிறதா? அந்த நாட்களுக்காக உனக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. அன்னையர் தின வாழ்த்துகள்."

வாசித்துக் காட்டியவர்

இது உங்கள் கடிதம்தான். இதை வேறு எந்த மகனும் எழுத முடியாது. ஆனாலும் இதை உங்கள் அம்மாவுக்கு என்னால் வாசித்துக் காட்ட முடியாது. "உள்ளே ஒரே இருட்டு", "என்ன ஆனாலும் நகரக் கூடாது" என்ற இரண்டு வரிகளோடு அவருக்குக் கடிதம் முடிந்துவிடும். என் பிள்ளை இருட்டில் இறங்குகிறான், ஏதோ ஆகக்கூடும் என்பதற்காகவே வெளியே ஆள் நிறுத்துகிறார்கள் என்று அன்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருப்பார். தொட்டிக்கு வெளியே நிற்பவரையும் அம்மாவையும் நீங்கள் இணைத்துப் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்த இணைப்பு உங்கள் மனத்தில் இருந்தால் போதும். வாழ்த்தில் உங்கள் வேலையின் ஆபத்து வேண்டாம்.

இன்னொன்று. தெருமுனையில் கைவிளக்குடன் நின்றார் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். பிள்ளைக்காகக் காத்து நிற்கும் தாய்மார்கள் பலர் உண்டு. அதற்குப் பிறகு என்ன நடந்தது? விளக்கை எந்தப் பக்கம் பிடித்தார்? இருவரில் யார் முன்னால் நடந்தீர்கள்? அதை எழுதுங்கள். எழுதினால் அம்மாவுக்குப் பதில் சொல்லவும் ஏதாவது இருக்கும். "எப்படி நன்றி சொல்வேன்" என்றால் அவர் "அதெல்லாம் எதுக்குப்பா" என்றுதான் சொல்ல முடியும். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மூத்தவன்

"நினைவிருக்கிறதா?" என்ற கேள்வியைப் பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அம்மாவுக்கு நான்கு ஆண்டுகளாக மறதி நோய். நானும் இதே போல ஒரு பழைய நிகழ்ச்சியை எழுதி, கடைசியில் "நினைவிருக்கிறதா அம்மா?" என்று முடித்திருந்தேன். தங்கை வாசித்துக் காட்டினாள். அம்மா நெடுநேரம் யோசித்தார். பிறகு, தான் ஏதோ தேர்வில் தோற்றுவிட்டதைப் போல முகம் சுருங்கி, "எனக்குத் தெரியலையே" என்று திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரு வாழ்த்தால் அவரை அழவைத்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதன் பிறகு நான் அம்மாவிடம் எதையும் கேட்பதில்லை, சொல்லிவிடுகிறேன். "எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நீ என் சட்டைப் பொத்தானை நீல நூலால் தைத்தாய், வெள்ளைச் சட்டையில் அந்த ஒரு பொத்தான் மட்டும் நீலமாகத் தெரியும்" என்று எழுதினால், நினைவு இருந்தால் அவர் சேர்ந்துகொள்வார், இல்லாவிட்டாலும் ஒரு கதையைப் போலக் கேட்டுக்கொள்வார். கடந்த ஆண்டு அதை வாசித்தபோது, "யாரு அந்தப் பையன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். மகன் என்று என்னை அவர் அடையாளம் காணவில்லை. ஆனால் அந்தப் பையனை அவருக்குப் பிடித்திருந்தது. இது போதுமா, போதாதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தாலும், வயதாகிவிட்டது என்பதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

புதியவன்

நானும் தொலைவில்தான் வேலை செய்கிறேன். அம்மாவுக்குப் புடவை அனுப்பலாமா, கைப்பேசி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எது நல்லது?

வாசித்துக் காட்டியவர்

தம்பி, இங்கே பேச்சு வாழ்த்தில் என்ன எழுதுவது என்பதைப் பற்றி. எதை அனுப்பினாலும் அதோடு நான்கு வரி உங்கள் கையால் எழுதி வையுங்கள். பொருள் வேறு நாளில் போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது. பொருளும் கடிதமும் ஒன்றாக வந்த வீடுகளில் எல்லோரும் பொருளைச் சுற்றி நிற்க, கடிதம் மேசை மேலேயே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குரல்வழி மகன்

எனக்கு எழுத வராது. என் குரலையே பதிவு செய்து அனுப்புவேன். அம்மாவும் அதைத்தான் விரும்புகிறார். படித்துக் காட்ட இன்னொருவரை நாட வேண்டியதில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு முறை நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் உரையாடலில் தொண்ணூறு நாட்களுக்குப் பின் செய்திகள் தாமாக அழியும்படி யாரோ அமைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. மே மாதம் அனுப்பிய குரல்பதிவை அம்மா நாள்தோறும் கேட்டு வந்திருக்கிறார். ஆகஸ்டில் ஒரு காலை அது இல்லை. தன் விரல் பட்டு அழிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லப் பயந்து, இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னார். மறுபடி அதையே பேசி அனுப்பினேன். "அது மாதிரி இல்லப்பா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை நான் பேசவில்லை, ஒப்பித்தேன். இப்போது அனுப்பும் ஒவ்வொரு பதிவையும் தம்பியிடம் சொல்லித் தனியாக ஒரு நினைவட்டையிலும் வைக்கச் சொல்கிறேன்.

ஒரு தாய்

பிள்ளையிடம் சொல்லப் பயந்த அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இரவுப்பணி

நேற்றிரவு மூன்றாவது முறையாக எழுதினேன். அஞ்சலில் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும் என்பதால் முன்கூட்டியே அனுப்புகிறேன். மூத்தவன் சொன்னபடி கேள்வியை எடுத்துவிட்டேன், தொட்டியையும் எடுத்துவிட்டேன். கோடு போட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி, தடித்த கறுப்பு மையில், பெரிய எழுத்தில் எழுதினேன். வெளிச்சம் நன்றாக இருக்கும்போது அம்மா தாமே எழுத்துக் கூட்டிப் பார்க்கட்டும் என்பதற்காக அப்படிச் செய்தேன். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது.

"அம்மா, நேற்று பகலில் ஏழு மணி நேரம் தூங்கினேன். இருமல் முழுவதும் போய்விட்டது.

வேலையில் நான் கைவிளக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம், என்னை அறியாமல், எதிரில் வருகிறவர் முகத்தில் வெளிச்சம் படாமல் தரையைப் பார்த்துப் பிடிக்கிறேன். கூட வேலை செய்கிறவர் நேற்று, 'இதை எங்கே கற்றுக்கொண்டாய்?' என்று கேட்டார். உன்னிடம்தான். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, இரவு ஒன்பதரைக்குத் தெருமுனையில் நீ நிற்பாய். என்னைப் பார்த்தவுடன் விளக்கைத் தாழ்த்துவாய். வீட்டுக்கு வரும்வரை வெளிச்சம் என் காலுக்கு இரண்டடி முன்னால் போய்க்கொண்டே இருக்கும். நீ எனக்குப் பின்னால் இருட்டில் நடந்து வருவாய். ஏன் பக்கத்தில் வராமல் பின்னாலேயே வந்தாய் என்று அப்போது நான் கேட்டதில்லை. அடுத்த முறை பேசும்போது நீ சொல்ல வேண்டும்.

இன்று உன் நாள். நான் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

அனுப்பும் முன் தயங்கிய இடம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் வாசிப்பாள் என்பதால், இன்னும் சொல்ல நினைத்த இரண்டு செய்திகளை எழுதவில்லை. அப்பா போன ஆண்டைப் பற்றியவை அவை. மூன்றாமவர் வாயால் அம்மா அவற்றைக் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

வாசித்துக் காட்டியவர்

நீங்கள் தயங்கியது சரி. வாசிக்கிற எங்களுக்கும் அதுதான் கடினமான இடம். சில வரிகளை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அவற்றை நேரில் பேசிக்கொள்ளுங்கள்.

நூலகப் பணியாளர்

எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. "இன்று உன் நாள்" என்ற வரி இல்லாமலும் கடிதம் நிற்கும். அதை எடுத்தால் எந்த நாளிலும் அனுப்பத்தக்க கடிதமாகிவிடும்.

ஒரு தாய்

அந்த வரி இருக்கட்டும். அந்த நாளில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் அம்மா காட்டப்போவது அதைத்தான்.

இரவுப்பணி

கடிதம் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா ஞாயிற்றுக்கிழமைவரை பிரிக்காமல் வைத்திருந்தாராம். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு முறை வாசித்தாளாம். அதன் பிறகு அம்மா தாளை வாங்கிச் சன்னல் ஓரம் கொண்டுபோய், "தூங்கினேன்" என்ற சொல்லைத் தாமே கண்டுபிடித்துப் படித்திருக்கிறார்.

மாலையில் பேசினோம். நான் கேட்டதற்கு அம்மா உடனே பதில் சொல்லவில்லை. "அதையெல்லாமா ஞாபகம் வச்சிருக்க" என்றார். பிறகு சொன்னார்: "எனக்கு அப்பவே ராத்திரியில கண்ணு சரியாத் தெரியாதுப்பா. வெளிச்சத்தை உன் காலுக்குக் காட்டிட்டா எனக்குத் தரை தெரியாது. உன் வெள்ளைச் சட்டை தெரியும். அதப் பாத்துக்கிட்டே வந்துடுவேன்."

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, என்னை முன்னால் விட்டுக் காவலாகப் பின்னால் வந்தார் என்றே நினைத்திருந்தேன். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. பார்வை மங்கியது முதுமையால்தான் என்று நாங்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். முப்பத்தைந்து வயதிலேயே இரவில் கண் தெரியாமல் இருந்ததை அம்மா எவரிடமும் சொன்னதே இல்லை. "சொன்னா உன்னைப் படிக்க அனுப்ப மாட்டாங்களே" என்றார்.

கண் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தங்கையிடம் கூறியிருக்கிறேன்; வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். இத்தனை ஆண்டுகளாக இருந்தது என்றால் பரிசோதனையில் அவர் பார்க்க வேண்டியது வேறாக இருக்கக்கூடும். எனக்கும் என் பிள்ளைக்கும்கூடக் கண்களைப் பார்த்துவிடுவது நல்லது என்று தங்கை சொல்கிறாள்.

பேச்சை முடிக்கும்போது அம்மா, "அடுத்த கடுதாசியில அந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டை இப்ப எங்க இருக்குன்னு எழுது" என்றார். எனக்கு அது எங்கே என்று தெரியவில்லை. தங்கையைப் பரணில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.